தேங்காய் எண்ணெய் சோப்பு: ஒரு பொருள் விவரத்தைத் திருத்தி எழுதியபோது

"100% இயற்கையானது. கெமிக்கல் இல்லாதது. எல்லா வகைச் சருமத்துக்கும் ஏற்றது. சருமத்துக்கு ஈரப்பதம் தந்து, கிருமிகளை அழிக்கும். அன்போடு கையால் செய்தது. எடை 120 கிராம்."

வீட்டில் சோப்பு செய்து ஆன்லைன் கடையில் விற்கும் ஒருவர், தன் தேங்காய் எண்ணெய் சோப்புக்கு எழுதி வைத்திருந்த விவரம் இது. இப்படிப்பட்ட விவரங்களை எழுதித் தருவது என் வேலை. இதைச் சரிபார்த்துத் தரச் சொன்னவர், வாங்கியவர்கள் எழுதிய புகார்களையும் கூடவே அனுப்பியிருந்தார். அதிகம் இல்லை, ஆனால் எல்லாம் மூன்று விஷயங்களையே சுற்றி வந்தன. குளித்துவிட்டு வந்தால் தோல் இழுக்கிறது. 120 கிராம் என்று போட்டிருக்கிறது, வந்தது அதைவிடக் குறைவு. சோப்பின் மேல் முத்து முத்தாக ஈரம் நிற்கிறது, கெட்டுப்போய்விட்டதா?

வார்த்தைகளைக் கொஞ்சம் மெருகேற்றிக் கொடுத்தால் போதும் என்றுதான் அவர் கேட்டார். நான் கேட்டது அவருடைய தயாரிப்பு நோட்டை. சோப்பு விற்பவருக்கு விவரம் எழுதும்போது அதைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுத மாட்டேன். என்ன போட்டார், எவ்வளவு போட்டார், எத்தனை நாள் ஆறவிட்டார் என்பது தெரியாமல் அந்த சோப்பைப் பற்றி என்ன சொன்னாலும் அது ஊகம்தான். இந்த மூன்று புகார்களுக்கும் பதில் அந்த நோட்டிலேயே இருந்தது.

முதல் பக்கத்தில் இருந்த கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 1000 கிராம், காஸ்டிக் சோடா 174 கிராம், தண்ணீர் 330 கிராம். வேறு எண்ணெய் எதுவும் இல்லை, வாசனையும் இல்லை. அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், காஸ்டிக் கரைசலை எண்ணெயில் கலந்து, கெட்டிப்பட்டதும் அச்சில் ஊற்றும் கோல்டு ப்ராசஸ் முறை. 1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 1000 கிராமுக்கு 183. இவர் போட்டது 174. அதாவது, கிட்டத்தட்ட 5 சதவீத எண்ணெய் சோப்பாக மாறாமல் எண்ணெயாகவே தங்கிவிடும். சோப்பு செய்பவர்கள் இதை சூப்பர்ஃபேட் என்பார்கள். பல எண்ணெய்களைக் கலந்து செய்யும் சோப்புக்கு 5 சதவீதம் என்பது சாதாரணமாக எல்லோரும் வைக்கும் அளவு. இவரும் எங்கோ படித்த அந்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்துச் செய்யும்போது அந்த அளவு போதாது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரையும், தாராளமாக நுரைக்கும், உப்புத் தண்ணீரில்கூட நுரை வரும். கட்டியும் நல்ல கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். இந்த நல்ல குணங்களோடு சேர்ந்தே இன்னொன்றும் வருகிறது: எண்ணெய்ப் பசையை அது பலமாக இழுக்கும். அழுக்கோடு இருக்கும் எண்ணெய், தோலுக்கே உரிய எண்ணெய் என்றெல்லாம் அது பிரித்துப் பார்க்காது. 5 சதவீதம் மட்டும் மிச்சம் வைத்த தேங்காய் எண்ணெய் சோப்பில் குளித்தால் பலருக்கும் தோல் இழுக்கத்தான் செய்யும்.

அப்படியானால் "ஈரப்பதம் தரும்" என்ற வரியை என்ன செய்வது? இங்கேதான் எழுதுபவர் முடிவெடுக்க வேண்டும். "மென்மையான சுத்தம்", "பட்டுப் போன்ற உணர்வு" என்று வேறு சொற்களைத் தேடிப் போகலாம். அதைப் படித்து வாங்குபவரும் குளித்துவிட்டு அதே புகாரைத்தான் எழுதுவார். நான் அவரிடம் இரண்டு வழி சொன்னேன். சோப்பை இப்படியே வைத்துக்கொண்டு, இது கைகழுவவும் எண்ணெய்ப் பிசுக்கு போகவும் நல்ல சோப்பு என்று உள்ளதை எழுதி விற்கலாம். குளியல் சோப்பாகத்தான் விற்க வேண்டும் என்றால் சூப்பர்ஃபேட்டைக் கூட்ட வேண்டும்.

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். 174 கிராம் கணக்கில் செய்தது கைகழுவும் சோப்பு என்று தனிப் பெயரில், தனி விவரத்தோடு கடையில் ஏறியது. குளியல் சோப்புக்கு 20 சதவீதம் சூப்பர்ஃபேட் வைத்துப் புதிய கணக்கு போட்டோம். 183இல் 80 சதவீதம் என்றால் 146 கிராம் காஸ்டிக் சோடா. எண்ணெயும் தண்ணீரும் பழைய அளவுதான். தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்து சோப்பு செய்பவர்கள் பரவலாகக் கையாளும் அளவு இது. வேறு எண்ணெய்களில் இவ்வளவு மிச்சம் வைத்தால் சோப்பு பிசுபிசுத்து, நுரை படுத்துவிடும். தேங்காய் எண்ணெயில் நுரை தாராளமாக இருப்பதால் இதைத் தாங்குகிறது.

ஆறியபின் பழைய சோப்பில் ஒரு கையையும் புதிய சோப்பில் மறு கையையும் கழுவிப் பார்க்கச் சொன்னேன். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து விரல்களை மடக்கிப் பார்த்தால் எந்தக் கை இழுக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். புதிய சோப்பில் இழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. அதனால் புதிய விவரத்திலும் "ஈரப்பதம் தரும்" என்ற பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. "ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாக மாறாமல் விடப்பட்டது, அதனால் வழக்கமான தேங்காய் எண்ணெய் சோப்பைவிடத் தோலை இழுப்பது குறைவு" என்று எழுதினேன். இது அவர் கையால் அளந்து, கழுவிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. யார் கேட்டாலும் பதில் சொல்ல முடியும்.

அடுத்து எடை. கெட்டியானதும் கட்டியை வெட்டி, ஒன்றைத் தராசில் வைத்து, வந்த எண்ணை அப்படியே கடையில் போட்டிருக்கிறார். வெட்டும்போது 120 கிராம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். வெட்டிய சோப்பைக் காற்றோட்டமான தட்டில் நான்கு முதல் ஆறு வாரம் வைப்பதே அந்தத் தண்ணீர் வற்றத்தான். க்யூரிங் என்று சொல்லும் அந்த நாட்களில் கட்டி இறுகுகிறது, எடையும் குறைகிறது. அவருடைய சோப்பில் 120 கிராம் 106 ஆகியிருந்தது. வாங்கியவர் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பதில் என்ன தவறு?

106 என்று மாற்றிப் போட்டாலும் சரியாகாது. ஆறு வாரத்துக்குப் பிறகும் சோப்பு மெதுவாக வற்றிக்கொண்டேதான் இருக்கும். கையால் வெட்டுவதால் கட்டிக்குக் கட்டி சில கிராம் கூடும், குறையும். அதனால் அனுப்பத் தயாராக இருந்த கட்டிகளை எல்லாம் நிறுத்து, இருப்பதிலேயே இலேசான கட்டி எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். அது 104 கிராம். விவரத்தில் "குறைந்தது 100 கிராம்" என்று எழுதினோம். சிலருக்குப் பத்து கிராம் வரை கூடுதலாகப் போகும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதோடு, வெட்டிய அன்று நிறுப்பதை விட்டுவிட்டுப் பார்சல் கட்டும் அன்று நிறுப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது புகார்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது சோப்பின் நல்ல குணத்தால் வருகிறது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேரும்போது சோப்போடு கிளிசரினும் உண்டாகிறது. 146 கிராம் காஸ்டிக் சோடா முழுவதும் வினைபுரிந்தால் ஏறக்குறைய 110 கிராம் கிளிசரின் வரும். பெரிய ஆலைகளில் அதைப் பெரும்பாலும் தனியே பிரித்து எடுத்துவிடுவார்கள். வீட்டில் செய்யும் சோப்பில் அது கட்டிக்குள்ளேயே இருக்கும். கிளிசரினுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் சோப்பின் மேல் வியர்த்தது போலத் துளிகள் நிற்பது அதனால்தான். பிளாஸ்டிக்கில் இறுக்கச் சுற்றி அனுப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஆனால் இதை "கவலைப்பட வேண்டாம்" என்று எழுதுவதற்கு முன் அது கிளிசரின் துளிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேலே ஈரம் நிற்க வேறு காரணங்களும் உண்டு. சரியாகக் கலக்காத சோப்பில் எண்ணெய் பிரிந்து கசியலாம். அதைவிட மோசம், காஸ்டிக் கரைசல் பிரிந்து உள்ளே குழியில் தேங்கி, வெட்டும்போதோ பிறகோ வெளியே வருவது. பார்த்த மாத்திரத்தில் மூன்றும் ஈரம்தான். கிளிசரின் துளியைத் துணியால் ஒற்றினால் போய்விடும், கீழே சோப்பு வழவழப்பாகவே இருக்கும், ஈரம் குறைந்த அறையில் வைத்தால் தானாக அடங்கும். எண்ணெய் என்றால் காகிதத்தில் ஒற்றும்போது காயாத கறை விழும். காஸ்டிக் பிரிந்த சோப்பு பொடிப்பொடியாக உதிரும், தொட்டால் விரல் எரியும். அந்தத் தொகுதி விற்பனைக்கே போகக் கூடாது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அவர் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியை நடுவில் வெட்டி உள்ளே குழியோ ஈரமோ இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்தச் சோதனை நடப்பது தெரிந்த பிறகுதான் துளிகளைப் பற்றிய வரியை எழுதினேன். பிளாஸ்டிக் சுற்றும் போய், காகித உறை வந்தது.

புகாரில் வராத, ஆனால் விட்டுவைக்க முடியாத வரிகள் இன்னும் இருந்தன. "கெமிக்கல் இல்லாதது" என்பதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியென்றால் காஸ்டிக் சோடா போடவில்லையா என்று கேட்டிருந்தார். கடைக்காரர் என்ன சொல்வது என்று தெரியாமல் பதிலே போடவில்லை. இதில் மறைக்க எதுவுமே இல்லை. காரம் இல்லாமல் எந்த எண்ணெயும் சோப்பாகாது. எண்ணெய் மிச்சம் இருக்கும்படி கணக்குப் போட்டு, நன்றாகக் கலந்து, ஆறவிட்ட சோப்பில் தனிக் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்காது. அது முழுவதும் வினைபுரிந்துவிடும். இதை இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டால் கேள்வி கேட்டவருக்கு நம்பிக்கை வரும். மறைத்தால், என்றைக்காவது அவரே தேடிப் படித்துவிட்டுப் பொய் சொன்னார்கள் என்பார்.

"கிருமிகளை அழிக்கும்" என்ற வரியை எடுத்துவிடச் சொன்னபோது கடைக்காரருக்கு மனசே இல்லை. தேங்காய் எண்ணெயில் கிருமிகளை எதிர்க்கும் தன்மை இருப்பதாகப் படித்திருக்கிறேனே என்றார். அவர் படித்தது லாரிக் அமிலத்தைத் தனியாக வைத்து ஆய்வகத்தில் பார்த்த விஷயம். சோப்பில் அது பெரும்பாலும் சோடியத்தோடு சேர்ந்து உப்பாகிவிட்டது, அதுவும் ஒரு நிமிடத்தில் கழுவிப் போய்விடுகிறது. சோப்பு போட்டுக் கழுவும்போது கிருமிகள் குறைவது பெரும்பாலும் அழுக்கோடு சேர்ந்து அடித்துச் செல்லப்படுவதால். எந்த சோப்புக்கும் இது பொருந்தும். இன்னொரு காரணமும் சொன்னேன். கிருமி அழிக்கும், படை போகும், எக்ஸிமா ஆறும் என்று எழுதிய மாத்திரத்தில் பல நாடுகளின் சட்டத்தில் அது அழகுசாதனப் பொருள் என்ற வகையைத் தாண்டி மருந்து வகைக்குள் போய்விடும். அதற்கான சோதனையும் அனுமதியும் வீட்டில் சோப்பு செய்பவரால் ஆகிற காரியம் இல்லை. அந்த வரி போனது. யாராவது pH 5.5 என்று போடச் சொன்னாலும் போட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லி வைத்தேன். உண்மையான சோப்பு pH 9, 10 என்று காரமாகத்தான் இருக்கும். அமிலம் சேர்த்து 5.5க்கு இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது, கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்துவிடும்.

அப்புறம் வாசனை. விவரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனால் படத்தில் சோப்புக்குப் பக்கத்தில் உடைத்த தேங்காய் இரண்டு மூடி இருந்தது. அதைப் பார்ப்பவர் தேங்காய் மணம் வரும் என்றுதான் நினைப்பார். எண்ணெய் சோப்பாக மாறும்போது அந்த மணம் பெரும்பாலும் போய்விடும்; கடைசியில் மிஞ்சுவது மெல்லிய, சுத்தமான சோப்பு மணம்தான். தேங்காய் மூடிகளை எடுத்துவிட்டு உள்ளங்கையில் சோப்பை வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். அளவும் தெரிந்துவிடும், இல்லாத மணத்தையும் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இனி வரிசை. போனில் பார்ப்பவருக்கு முதல் இரண்டு மூன்று வரிகள்தான் தெரியும், மிச்சம் "மேலும் படிக்க"வுக்குள் ஒளிந்திருக்கும். அதனால் வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் விஷயங்கள் மேலே வர வேண்டும்: எது, எவ்வளவு, வாசனை உண்டா, யாருக்கு ஆகாது. செய்முறையும் பராமரிப்பும் கீழே போகலாம். தலைப்பில் பழையபடி "இயற்கையின் வரம்" என்று இருந்ததை எடுத்துவிட்டோம். தேடுபவர் தட்டச்சு செய்வது தேங்காய் எண்ணெய் சோப்பு என்றுதான்.

கடைசியில் கடையில் ஏறிய விவரம் இது:

"தேங்காய் எண்ணெய் குளியல் சோப்பு, வாசனை சேர்க்காதது, குறைந்தது 100 கிராம்

தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்துக் கையால் செய்த வெள்ளை சோப்பு. நுரை அதிகம். வாசனையோ நிறமோ சேர்க்கவில்லை. தேங்காய் மணமும் இருக்காது. மிகவும் வறண்ட தோல் உள்ளவர்களுக்கும் முகத்துக்குத் தினமும் போடவும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

தேங்காய் எண்ணெய் சோப்பு பொதுவாக எண்ணெய்ப் பசையைப் பலமாக எடுக்கும். இதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயை சோப்பாக மாறாமல் விட்டிருக்கிறோம். அதனால் வழக்கமான தேங்காய் எண்ணெய் சோப்பைவிடத் தோலை இழுப்பது குறைவு.

போட்டது: தேங்காய் எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா. எல்லா சோப்புக்கும் காரம் தேவை. இதில் போட்ட காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிட்டது, தனியாக மிஞ்சியிருக்காது. ஆறு வாரம் ஆறவிட்ட பிறகே அனுப்புகிறோம்.

காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் சோப்பின் மேல் சிறு துளிகள் நிற்கலாம். உள்ளே இருக்கும் கிளிசரின் ஈரத்தை இழுப்பதால் அப்படி ஆகும். துணியால் ஒற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். கையால் வெட்டுவதால் ஓரங்களும் எடையும் கட்டிக்குக் கட்டி கொஞ்சம் மாறும்.

இந்த சோப்பு தண்ணீரில் சீக்கிரம் கரையும். தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள். தொகுதி எண்ணும் செய்த தேதியும் உறையில் உள்ளன."

"பரிந்துரைக்க மாட்டோம்" என்ற வரியைப் போடத்தான் அவர் ரொம்பத் தயங்கினார். வாங்க வருபவரை நாமே திருப்பி அனுப்புவதா என்று கேட்டார். வறண்ட தோல்காரர் வாங்கினால் ஒரு கட்டி விற்கும், ஒரு மோசமான ரிவ்யூவும் வரும். அந்த ரிவ்யூவை அவருக்குப் பின்னால் வருகிற எல்லோரும் படிப்பார்கள் என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

மாற்றிய பிறகு எடையைப் பற்றிய புகார் நின்றது. துளிகளைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள், ஆனால் கெட்டுப்போனதா என்று இல்லை, பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாமா என்று. தோல் இழுப்பதாக எப்போதாவது ஒருவர் எழுதுகிறார். இந்த எண்ணெயில் அது இருக்கத்தான் செய்யும். புதிதாக வந்த கேள்வி, தலைக்குப் போடலாமா என்பது. சோப்பின் காரத்தில் முடி சொரசொரப்பாகும், தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்புப் படிவு முடியில் ஒட்டும். இப்போது தலைமுடிக்கு ஏற்றதில்லை என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

ஒரு கட்டி எத்தனை நாள் வரும் என்றும் கேட்கிறார்கள். இதற்கு விவரத்தில் எண் போட வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எத்தனை பேர் குளிக்கிறார்கள், கையில் தேய்க்கிறார்களா நாரில் தேய்க்கிறார்களா, தட்டில் தண்ணீர் தேங்குகிறதா என்பதை எல்லாம் பொறுத்து அது இரண்டு மடங்குகூட மாறும். கேட்பவருக்குத் தட்டைப் பற்றி ஒருமுறை எடுத்துச் சொல்லி, வடியும் தட்டையும் சோப்போடு சேர்த்து ஒரே ஆர்டரில் வாங்கிக்கொள்ளும்படி கடையில் வழி செய்திருக்கிறார்.